கையில் காசு கூடியது, வருடம் குறையில் முடிந்தது: புதிய நிர்வாக சபைக்குப் பொருளாளரின் கடிதம்

அன்புள்ள நிர்வாக சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த கூட்டத்தில் உங்கள் கையில் இரண்டு தாள்கள் தரப்படும். ஒன்றின் தலைப்பு பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு. மற்றதன் தலைப்பு வருமான செலவினக் கணக்கு. இரண்டும் எங்கள் குடிநீர்ச் சங்கத்தின் 2025ஆம் வருடக் கணக்குத்தான். ஒரே காசேட்டிலிருந்தும் ஒரே பற்றுச்சீட்டுப் புத்தகங்களிலிருந்தும் எழுதப்பட்டவை. ஆனால் முதல் தாள், வருடத் தொடக்கத்தில் இருந்ததைவிட 38,000 ரூபா கூடுதலாகக் கையிருப்பு இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது தாள், வருடம் 35,000 ரூபா குறையோடு முடிந்தது என்று சொல்லும். யாரோ பிழையாகக் கூட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் சரி.

இதை முன்கூட்டியே எழுதுவதற்குக் காரணம், தண்ணீர்க் கட்டணத்தைக் கூட்டுவதா இல்லையா என்ற தீர்மானம் இந்தச் சபைக்குத்தான் வரப்போகிறது. போன பொதுக்கூட்டத்தில் ஐயா ஒருவர் எழும்பி, "காசு கூடித்தானே இருக்கு பிள்ளை, பிறகேன் கட்டணத்தைக் கூட்டவேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கையில் இருந்தது முதல் தாள் மட்டும். அதை மட்டும் பார்க்கிற எவருக்கும் அந்தக் கேள்விதான் வரும்.

முதலில் தாளை அடையாளம் காணுவது. தலைப்பை நம்பாதீர்கள். பல சங்கங்களில் "வருமான செலவினக் கணக்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே முதல் வரியில் "ஆரம்ப மீதி" என்று தொடங்கியிருப்பார்கள். ஆரம்ப மீதி என்ற வரி இருந்தால் அது பெறுவனவு கொடுப்பனவுக் கணக்குத்தான், தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி. அது காசேட்டின் சுருக்கம். தொடக்கத்தில் எவ்வளவு காசு இருந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. வருமான செலவினக் கணக்கில் ஆரம்ப மீதிக்கு இடமே இல்லை. போன வருடம் மிஞ்சிய காசு இந்த வருடத்து வருமானம் அல்லவே. அது மிகை அல்லது குறை என்ற ஒரு வரியில் முடியும், அந்தத் தொகை, சங்கத்திடம் இருப்பதையும் சங்கம் கொடுக்கவேண்டியதையும் காட்டுகிற ஐந்தொகையில், வருடா வருடம் சேர்ந்துவந்த திரண்ட நிதியத்தோடு சேரும் அல்லது அதிலிருந்து கழியும். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது பழைய பாடம். மற்றவர்களுக்காக எங்கள் கணக்கையே எடுத்துப் போகிறேன்.

முதல் தாள் இது:

ஆரம்ப மீதி (வங்கியும் கையும்): 85,000

பெறுவனவுகள்
தண்ணீர்க் கட்டணம்: 540,000
புதிய இணைப்புகளுக்கான வைப்புப் பணம்: 50,000
பம்பிக்கான கொடை: 300,000
வங்கி வட்டி: 4,000

கொடுப்பனவுகள்
மின்சாரம்: 228,000
பம்பி இயக்குபவரின் சம்பளம்: 180,000
திருத்தவேலை, குழாய், குளோரின்: 96,000
புதிய பம்பி: 340,000
காகிதாதிகள், கூட்டச் செலவு: 12,000

இறுதி மீதி: 123,000

வந்தது 894,000, போனது 856,000, வித்தியாசம் 38,000. இறுதி மீதியில் 118,000 வங்கியில் இருக்கிறது, 5,000 என் கையில் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அந்த எண் இருக்கும். இந்தத் தாளின் பலமே அதுதான். யாருடைய அபிப்பிராயமும் அதற்குள் இல்லை.

இனி வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இது 2025ஆம் வருடத்துக்கு உரியதா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரத்தில் தொடங்குவோம், ஏனெனில் இங்கேதான் ஏமாறுவது சுலபம். 228,000 ரூபாவுக்குச் செலவுச் சீட்டுகளை எண்ணினால் 11 பட்டியல்கள் இருக்கின்றன. வருடத்துக்கு 12 மாதம். சரி, ஒன்றுதானே குறைகிறது என்று நினைப்பீர்கள். அந்த 11இல் முதலாவது 2024 டிசம்பருக்கு உரியது, 19,000 ரூபா. அதை ஜனவரியில் கட்டினோம். அப்படியென்றால் 2025க்கு உரியவை 10 பட்டியல்கள்தான் கட்டப்பட்டிருக்கின்றன. நவம்பர், டிசம்பர் இரண்டும் வருட முடிவில் கட்டாமல் இருந்தன, இரண்டும் சேர்த்து 43,000. ஆகவே 2025இல் நாங்கள் பாவித்த மின்சாரத்தின் செலவு 228,000இலிருந்து 19,000ஐக் கழித்து 43,000ஐக் கூட்ட வரும் 252,000. கட்டாமல் நிற்கிற 43,000ஐ அட்டுறு செலவு என்பார்கள். காசு போகவில்லை, ஆனால் மின்சாரம் ஏற்கனவே எரிந்துவிட்டது, தண்ணீர் ஏற்கனவே தாங்கிக்கு ஏறிவிட்டது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். எந்தப் பொருளாளரும் டிசம்பர் கடைசிக் கிழமையில் பட்டியல்களை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு ஜனவரி 2ஆம் தேதி கட்டினால், முதல் தாளில் அவருடைய வருடம் நன்றாகத் தெரியும். அதில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. அதனால்தான் கணக்காய்வுக்கு வருகிறவர் முதலில் அடுத்த வருடத்துக் காசேட்டின் முதல் சில பக்கங்களைப் புரட்டுவார். ஜனவரியில் கட்டிய பட்டியல்களில் எவை டிசம்பருக்கும் அதற்கு முன்னருக்கும் உரியவை என்று பார்ப்பார். நீங்களும் அப்படியே செய்யலாம். அதோடு, மாதாமாதம் வருகிற எந்தச் செலவுக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையை எண்ணுங்கள். 12 இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். நான் கோபிக்கமாட்டேன். மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படியான ஒரு வருடத்தில் கடைசி இரண்டு பட்டியல்கள் வெளியே நின்றால், விடுபடுவது வருடத்தின் மிக விலை கூடிய இரண்டு மாதங்கள்.

திருத்தவேலை வரியிலும் இதே கதைதான். கிளிநொச்சி டவுனில் ஹார்ட்வெயார் கடையில் ஒக்டோபரில் கடனுக்கு எடுத்த குழாய்க்கும் வால்வுக்கும் 38,000 ரூபா இன்னும் கொடுக்கவில்லை. குழாய் நிலத்துக்குள் புதைக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்த வருடத்துத் திருத்தச் செலவு 96,000 அல்ல, 134,000.

இனித் தண்ணீர்க் கட்டணம். வந்த 540,000இல் 48,000 ரூபா 2024ஆம் வருட நிலுவை. இன்னொரு 9,000, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற சில வீட்டார் 2026க்கு முற்கூட்டிக் கட்டியது. இரண்டையும் எடுத்துவிட்டால் 2025க்காக 2025இலேயே வந்தது 483,000. மீற்றர் வாசித்துக் கொடுத்த பட்டியல்களின்படி இன்னும் வரவேண்டியது 72,000. ஆகவே வருமானம் 555,000. வந்த காசைவிட இது கூடுதல் என்பதைக் கவனியுங்கள். வருமான செலவினக் கணக்கு எப்போதும் நிலைமையை மோசமாகத்தான் காட்டும் என்றில்லை.

அந்த 72,000 பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கண்டு திடுக்கிடுவார்கள். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் கமக்காரர். டிசம்பர் 31 என்பது காலபோகப் பயிர் வயலில் நிற்கிற நேரம். உரம், களைநாசினி, உழவுக்கூலி எல்லாவற்றுக்கும் காசு போய் முடிந்து, அறுவடைக் காசு இன்னும் வராத நேரம். பெப்ரவரி, மார்ச்சில் நெல் விற்றதும் நிலுவையைக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். எங்கள் கணக்காண்டு முடிகிற நாளும் கிராமத்தில் காசு வற்றுகிற நாளும் ஒன்றாக விழுகின்றன. மார்ச் 31இல் முடிகிற வருடமாக இருந்தால் இதே வீடுகள், இதே பழக்கம், ஆனால் நிலுவை சிறிதாகத் தெரியும். ஆகவே 72,000இல் பெரும்பகுதி நல்ல வருமதி.

எல்லாம் அல்ல. வருடத் தொடக்கத்தில் வருமதியாக இருந்தது 60,000. அதில் 48,000 வந்தது என்று சொன்னேன். மிச்சம் 12,000 பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு உரியது. ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், திரும்பி வருகிற அறிகுறி இல்லை. அதைத் தொடர்ந்து சொத்தாகக் காட்டிக்கொண்டிருப்பது எங்களை நாங்களே ஏமாற்றுவது. ஆகவே அறவிடமுடியாக் கடன் என்று 12,000ஐ இந்த வருடச் செலவில் எழுதியிருக்கிறேன். காசேட்டில் இப்படி ஒரு வரி ஒருபோதும் வராது, ஏனெனில் காசு எதுவும் நகரவில்லை.

வைப்புப் பணம் 50,000. 2025இல்தான் புதிய இணைப்புக்கு 5,000 ரூபா வாங்கும் விதியைக் கொண்டுவந்தோம், பத்து வீடுகள் சேர்ந்தன. இணைப்பை விட்டுப் போகிறவருக்கு அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்போம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதியிருக்கிறோம். திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு வருமானம் ஆகாது. அது ஐந்தொகையில் சென்மதியாக நிற்கும். இதை வருமானத்தில் சேர்த்துவிடுவது சங்கங்களில் நடக்கிற மிகச் சாதாரணமான பிழை. கடன் வாங்கிய காசை வருமானத்தில் சேர்ப்பதும் அதே வகைதான், முதல் தாளில் இரண்டும் "பெறுவனவு" என்ற ஒரே தலைப்பின் கீழ் வருவதால்.

கடைசியாகப் பம்பி. ஜூலை முதலாம் தேதி குழாய்க்கிணற்றுக்குள் இறக்கிய நீர்மூழ்கிப் பம்பிக்கு 340,000 போனது. லண்டனில் இருக்கிற எங்கள் ஊரவர்கள் அதற்கென்றே 300,000 அனுப்பினார்கள், 40,000 நாங்கள் போட்டோம். முதல் தாளில் இரண்டும் முழுமையாக நிற்கின்றன. இரண்டாவது தாளில் இரண்டுமே அப்படி நிற்க முடியாது. பம்பி ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிற சாமான் அல்ல. ஐந்து வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு 68,000, நாங்கள் பாவித்தது அரை வருடம், ஆகவே பெறுமானத் தேய்வு 34,000 மட்டும் இந்த வருடச் செலவு. கொடையையும் அதே வேகத்தில்தான் வருமானத்துக்குக் கொண்டுவர வேண்டும்: 300,000ஐ ஐந்தால் பிரித்தால் 60,000, அரை வருடத்துக்கு 30,000. மிச்சம் 270,000 பிற்போடப்பட்ட கொடையாக ஐந்தொகையில் இருக்கும்.

இப்படிச் செய்யாமல் 300,000ஐயும் ஒரே வருடத்தில் வருமானமாகப் போட்டுவிட்டு, பம்பியை மட்டும் ஐந்து வருடத்துக்குப் பரப்பினால் என்ன நடக்கும்? இந்த வருடம் 235,000 ரூபா மிகை தெரியும். அடுத்த நாலரை வருடமும் தேய்வு மட்டும் செலவாக வந்து நின்று, சங்கம் திடீரென்று மோசமாகிவிட்டதுபோலத் தெரியும். இரண்டு தோற்றமும் பொய். கொடை வந்த வருடத்தில் எந்தச் சங்கத்தின் கணக்கில் பெரிய மிகை தெரிந்தாலும், கொடையை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென்று வெளியிட்டிருக்கிற பரிந்துரைக் கூற்றிலும் குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த காசையும் பொதுக் காசையும் கலக்காமல் காட்டுவது முக்கியமான விடயம்.

இவ்வளவையும் செய்தபின் வருகிற இரண்டாவது தாள்:

வருமானம்
தண்ணீர்க் கட்டணம்: 555,000
கொடையில் இவ்வருடப் பங்கு: 30,000
வங்கி வட்டி: 4,000
மொத்தம்: 589,000

செலவினம்
மின்சாரம்: 252,000
பம்பி இயக்குபவரின் சம்பளம்: 180,000
திருத்தவேலை, குழாய், குளோரின்: 134,000
பெறுமானத் தேய்வு: 34,000
அறவிடமுடியாக் கடன்: 12,000
காகிதாதிகள், கூட்டச் செலவு: 12,000
மொத்தம்: 624,000

குறை: 35,000

இரண்டு தாள்களும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 35,000 குறையிலிருந்து தொடங்குங்கள். வருமானமாகாமல் வந்த காசையும், செலவாக எழுதிவிட்டுக் கொடுக்காமல் வைத்திருக்கிற காசையும் கூட்டுங்கள்: வைப்புப் பணம் 50,000, முற்கூட்டிக் கட்டியது 9,000, இன்னும் வருமானத்துக்கு எடுக்காத கொடை 270,000, கட்டாத மின்சாரத்தில் கூடிய 24,000, கடைக் கடன் 38,000. மொத்தம் 391,000. பிறகு, செலவாக எழுதாமல் வெளியே போன காசைக் கழியுங்கள்: பம்பியில் இன்னும் தேயாத 306,000. கடைசியாக வருமதி 60,000இலிருந்து 72,000 ஆனதால் வராமல் நின்ற 12,000ஐக் கழியுங்கள். வருவது 38,000. முதல் தாளின் வித்தியாசம் அதேதான். எந்தப் பொருளாளர் இரண்டு தாளையும் தந்தாலும் இந்த இணைப்பையும் கேளுங்கள். அது வரவில்லை என்றால் ஏதோ ஒரு வரி இரண்டு தரம் போயிருக்கும் அல்லது போகாமலே விட்டிருக்கும்.

இப்போது அந்த ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். 123,000 ரூபா இருக்கிறது, உண்மை. ஆனால் அதில் வைப்புப் பணம் 50,000 பத்து வீட்டாருடையது. 43,000 மின்சாரத்துக்குப் போகவேண்டியது. 38,000 கடைக்காரருடையது. 9,000க்கு 2026இல் தண்ணீர் கொடுக்கவேண்டும். கூட்டினால் 140,000. டிசம்பர் 31 இரவு எல்லாரும் வந்து கேட்டிருந்தால் 17,000 ரூபா போதாமல் நின்றிருப்போம். வருமதி 72,000 இருக்கிறதால் பயமில்லை, ஆனால் அது நெல் விற்றபிறகு வருகிற காசு. கூட்டத்தில் சிலர் இந்த 123,000இல் கதிரையும் கூடாரமும் வாங்கி வாடகைக்கு விடலாம் என்றார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் காசில் அல்ல.

இவ்வளவும் சொன்னதால் முதல் தாளை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒரு ரூபா எங்கே போனது என்று கண்டுபிடிக்க உதவுவது அதுதான். வருமான செலவினக் கணக்கு எவ்வளவு திறமாக எழுதப்பட்டிருந்தாலும், காசு உண்மையில் வங்கியில் இருக்கிறதா என்று அது சொல்லாது. லண்டன்காரர் கேட்டதும் அதைத்தான்: அனுப்பிய 300,000 எப்போது வந்தது, யாருக்குக் கொடுக்கப்பட்டது, பற்றுச்சீட்டு எங்கே. அவர்களுக்கு அந்தக் காசுக்கு மட்டும் ஒரு பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு எழுதி அனுப்பினோம், அது போதுமாக இருந்தது. அவர்கள் நாட்டில்கூட, கம்பனியாகப் பதியாத சிறிய அறக்கட்டளைகள் இந்த வகைக் கணக்கோடு நின்றுகொள்ள இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான 2011ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. கடனுக்கு ஒன்றும் வாங்காத, நிலுவை வைக்காத, பெரிய சாமான் எதுவும் இல்லாத ஒரு மரண உதவிச் சங்கத்துக்கு இரண்டாவது தாள் எழுதினாலும் ஏறக்குறைய அதே எண்கள்தான் வரும். மீற்றரும் பம்பியும் கடைக் கடனும் வந்த பிறகுதான் இரண்டும் பிரிகின்றன.

முதல் தாளில் ஒரு பொறி மட்டும் இருக்கிறது. வங்கியிலிருந்து கைச்செலவுக்கு எடுத்த காசைக் கொடுப்பனவிலும், கைக்கு வந்ததைப் பெறுவனவிலும் எழுதிவிடுவார்கள். இறுதி மீதி சரியாகவே வரும், ஆனால் இரு பக்கமும் வீங்கிவிடும், சங்கம் பெரிய காசு புரட்டுவதுபோலத் தெரியும். எங்கள் பெட்டியிலிருந்து எங்கள் பெட்டிக்குப் போகிற காசு இரண்டு பட்டியலிலும் வரக்கூடாது.

இரண்டாவது தாளின் பலவீனம் வேறு மாதிரி. அதில் தீர்ப்புகள் இருக்கின்றன, தீர்ப்பு என்றால் ஆளுக்கு ஆள் மாறும். பம்பி ஐந்து வருடம் என்றது எங்கள் தண்ணீரைப் பார்த்து. கேத்தலில் படிகிற வெள்ளைப் படிவை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், அதே படிவுதான் பம்பியின் உள்ளேயும் படியும். பத்து வருடம் என்று யாராவது வாதாடினால் தேய்வு 17,000 ஆகும், கொடைப் பங்கு 15,000 ஆகும், குறை 33,000 ஆகும். பெரிய மாற்றம் இல்லை, ஏனெனில் கொடை தேய்வோடு சேர்ந்தே நகர்கிறது.

பெரிய மாற்றம் வரக்கூடிய இடம் தண்ணீர்த் தாங்கி. அது கட்டி முடித்து எங்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது பெறுமதி எழுதிய கடதாசி எதுவும் வரவில்லை. ஆகவே புத்தகத்தில் தாங்கியும் இல்லை, பிரதான குழாயும் இல்லை, அவற்றின் தேய்வும் இல்லை. உதாரணத்துக்கு அவற்றின் பெறுமதி 40 இலட்சம், ஆயுள் 25 வருடம் என்று வைத்தால் வருடத்துக்கு 160,000 தேய்வு வரும். கொடையாகக் கிடைத்த சொத்து என்பதால் அதற்கு எதிராக அதே தொகை வருமானப் பக்கமும் வரும், குறை மாறாது. ஆனால் தாங்கி வெடித்தால் திருத்த என்ன செலவாகும் என்று யாரும் நினைத்துப் பார்க்காமல் இருப்பதற்கு இந்த வெற்றிடம் ஒரு காரணம். பெறுமதி மதிப்பிட ஒருவரைக் கேட்டுத் தரும்படி பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதலாம் என்பது என் அபிப்பிராயம். சபை தீர்மானிக்கட்டும்.

இனிக் கட்டணம். எங்களிடம் ஏறக்குறைய 130 இணைப்புகள் இருக்கின்றன. ஒரு வீட்டின் சராசரி மாதப் பட்டியல் இப்போது 356 ரூபா அளவில் இருக்கிறது. 35,000 குறையை மட்டும் அடைக்க வீட்டுக்கு மாதம் 22, 23 ரூபா கூட்டினால் போதும். நான் கேட்கப்போவது அதைவிடக் கூடுதல். இந்த வருடம் அரை வருடத் தேய்வுதான் விழுந்தது, அடுத்த வருடம் முழுத் தேய்வு வரும், கொடைப் பங்கைக் கழித்தால் அதில் எங்கள் பங்கு இன்னும் 4,000 கூடும். அதைவிட முக்கியம், அடுத்த பம்பியையும் லண்டன்காரர்தான் வாங்கித் தருவார்கள் என்று நான் எழுதிவைக்க விரும்பவில்லை. கொடை இல்லாமல் தேய்வு முழுவதையும் கட்டணத்திலேயே எடுப்பதாக இருந்தால் வருடத்துக்கு இன்னும் 60,000 வேண்டும். மூன்றையும் சேர்த்தால் 99,000, வீட்டுக்கு மாதம் 63 ரூபா சொச்சம்.

அதுவும் பம்பி இதே 340,000 ரூபாவுக்குக் கிடைக்கும் என்று வைத்துத்தான். பெறுமானத் தேய்வு வாங்கிய விலையில் கணக்கிடப்படுகிறது, வாங்கப்போகிற விலையில் அல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, இறக்குமதிப் பம்பிகளுக்குப் பழைய விலையில் காசு சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது பாதிப் பம்பிக்குத்தான் காணும் என்ற நிலை வந்தது. இந்த இடைவெளியை இரண்டு தாளில் எதுவும் பிடிக்காது. அதற்குத் தனியாக ஒரு பிரதியீட்டு நிதியம் வைத்து, வருடா வருடம் கடையில் பம்பி விலை விசாரித்து, சேர்க்கிற தொகையைத் திருத்திக்கொண்டு போக வேண்டும். சேர்க்கிற காசை நடைமுறைக் கணக்கிலேயே விட்டால் அடுத்த வருடம் யாராவது கதிரை வாங்கலாம் என்று எழும்புவார்கள், ஆகவே வேறு சேமிப்புக் கணக்கில் போடும்படி கேட்பேன்.

கூட்டத்துக்கு முன் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், மீற்றர் வாசிப்புக் கொப்பி, கட்டாத பட்டியல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. நவம்பர், டிசம்பர் மின்பட்டியல்கள் இரண்டும் மேலேயே குத்தப்பட்டிருக்கும்.

இப்படிக்கு,
பொருளாளர்